12 வாரம், ஒரு தாள், இரண்டு கையெழுத்து

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதம் கிடைத்தது. மகனுக்குப் படிப்பு முடிந்துவிட்டது, பணி நியமனக் கடிதமும் கையில் இருக்கிறது, சேருவதற்கு இன்னும் ஐந்து மாதம். அவரோ அந்த வேலை வேண்டாம், வீடியோ எடிட்டிங் செய்தே பிழைத்துக்கொள்வேன் என்கிறார். "கொஞ்ச நாள் செய்து பார்க்கட்டும் என்று விட்டுவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

செய்து பார்க்கட்டும். அந்தக் "கொஞ்ச நாள்" என்ற சொல்தான் எனக்கு உடன்பாடில்லை. அதற்கு உங்கள் மனத்தில் ஒரு கணக்கு இருக்கும், அவர் மனத்தில் வேறொன்று இருக்கும். மூன்றாவது மாதத்தில் நீங்கள் "போதும்" என்பீர்கள், அவர் "இப்போதுதான் சூடு பிடிக்கிறது" என்பார். இருவர் சொல்வதும் பொய்யாக இராது. ஆனால் தீர்ப்புச் சொல்ல அளவுகோல் எதுவும் இருக்காது.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு மாணவி இப்படித்தான் எல்லை வகுக்காமல் ஓவியத் தொழிலில் இறங்கினார். இரண்டு மாதம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. விடலாம் என்று நினைத்த வாரத்தில் அவருடைய மாமா ஒரு பெரிய ஆர்டர் கொடுத்தார். அதை வைத்து இன்னும் மூன்று மாதம் ஓடியது. பிறகு ஒரு தோழியின் திருமண அழைப்பிதழை வரைந்து கொடுக்கும் வேலை வந்தது, அதை வைத்து இன்னும் இரண்டு மாதம். ஒவ்வொரு முறையும் தொடர்வதற்கு ஒரு காரணம் கிடைத்தது. எதற்காக நிறுத்துவது என்று தொடக்கத்திலேயே எழுதி வைக்காததால், நிறுத்துவதற்கான காரணம் மட்டும் ஒருபோதும் கிடைக்கவில்லை.

அந்தப் பெண்ணை நான் குறை சொல்லவில்லை. 1976-இல் பாரி ஸ்டா என்ற ஆய்வாளர் வணிகவியல் மாணவர்களிடம் ஒரு கற்பனை நிறுவனத்தின் நிதியைப் பங்கிடச் சொன்னார். முதல் முடிவைத் தாங்களே எடுத்து, அது நட்டத்தில் முடிந்தது என்று அறிந்தவர்கள், அதே பிரிவில் மேலும் அதிகப் பணம் போட்டார்கள். தாமே தேர்ந்தெடுத்தது தோற்கும்போது கையை விட மனம் வருவதில்லை. ஆகவே மனம் இன்னும் எதிலும் சிக்காத நாளில், அதாவது தொடங்குவதற்கு முன்பே, விதியை எழுதிவிட வேண்டும்.

முதலில் கால அளவு. முன்பின் தெரியாத ஒருவருக்கு எழுதி, அவர் பதில் சொல்லி, வேலையைச் செய்து கொடுத்து, பணம் வந்து சேர ஏறக்குறைய மூன்று வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மாதம் கொடுத்தால் இந்தச் சுற்று ஒரு முறைதான் முடியும்; அதிலிருந்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது. 12 வாரம் கொடுத்தால் நான்கு சுற்று. சேரும் தேதிக்கு இன்னும் 20 வாரம் இருப்பதால், அதன் பிறகும் 8 வாரம் மிஞ்சும். அந்த மிச்சத்துக்கு ஒரு வேலை இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

அடுத்தது எதை எண்ணுவது என்பது. எவ்வளவு சம்பாதித்தார் என்று எண்ணாதீர்கள். முதல் மூன்று மாத வருமானத்தை ஒரே ஒரு பெரிய ஆர்டர் தலைகீழாக்கிவிடும். எத்தனை அந்நியர் பணம் கொடுத்தார்கள், அவர்களில் எத்தனை பேர் இரண்டாம் முறை வந்தார்கள் என்று எண்ணுங்கள். உறவினர், நண்பர், உங்கள் அலுவலகத்தார் கணக்கில் சேர மாட்டார்கள். இலவசமாகச் செய்து கொடுத்ததும், "அருமையாக இருக்கிறது" என்ற பாராட்டும் சேராது.

எத்தனை பேரை அணுக வேண்டும்? இங்கேதான் பலர் தவறிப்போகிறார்கள். பத்துப் பேரிடம் கேட்டு ஒருவரும் வாங்கவில்லை என்றால் பையன் துவண்டுவிடுவார், நீங்கள் "பார்த்தாயா" என்பீர்கள். உண்மையில் நால்வரில் ஒருவர் வாங்கக்கூடிய சேவைக்குக்கூட, தொடர்ந்து பத்து மறுப்பு வருவது நடக்கக்கூடியதுதான். புள்ளியியலில் இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு: கேட்டவர்களில் ஒருவர்கூட வாங்கவில்லை என்றால், மூன்றை அந்த எண்ணிக்கையால் வகுத்தால் வருவது உண்மையில் வாங்கக்கூடியவர்களின் விகிதத்துக்கு உச்ச வரம்பு, ஏறத்தாழ. பத்துக்கு அது 30 விழுக்காடு, ஒன்றும் நிரூபணமாகவில்லை. 40 பேரைக் கேட்டும் எவரும் வாங்கவில்லை என்றால் வரம்பு 7.5 விழுக்காடு, அதை நம்பி முடிவெடுக்கலாம். ஆகவே 40 பேர். தொடர்ந்து வீடியோ வெளியிடுகிறவர்களாக, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதப்பட்ட கடிதமாக இருக்க வேண்டும். ஒரே வாசகத்தை 40 பேருக்கு அனுப்பினால் சோதித்தது அந்த வாசகத்தைத்தான், அவருடைய எடிட்டிங்கை அல்ல.

இனி விதி. 12 வார முடிவில் அந்நியர் நால்வரோ அதற்கு மேலோ பணம் கொடுத்து, அவர்களில் இருவராவது மீண்டும் வேலை கொடுத்திருந்தால் தொடர்வது. ஒருவரே வந்திருந்தால், அல்லது யாருமே வராவிட்டால், நிறுத்துவது. இந்த இரண்டிலும் சேராத எல்லா முடிவுக்கும், அதாவது இரண்டு மூன்று பேர் வந்திருந்தாலும், நால்வரோ அதற்கு மேலோ வந்தும் மீண்டும் வேலை கொடுத்தவர் இருவருக்குக் குறைவாக இருந்தாலும், ஒரே ஒரு முறை நான்கு வார நீட்டிப்பு. மிச்சம் வைத்த 8 வாரத்தில் பாதி இதற்குத்தான். அந்த நான்கு வாரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும்: விலை, அல்லது அணுகும் ஆட்கள், அல்லது வேலையின் வகை. மூன்றையும் சேர்த்து மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. நீட்டிப்பின் முடிவில் மொத்த எண்ணிக்கை "தொடர்வது" என்ற கோட்டைத் தொடவில்லை என்றால் நிறுத்துவதுதான். இரண்டாவது நீட்டிப்பு கிடையாது.

இந்த நான்கும் இரண்டும் கல்வெட்டு அல்ல. இந்தத் தொழிலின் ஒரு வேலைக்கு என்ன கூலி, மாதச் செலவுக்கு எத்தனை வேலை வேண்டும் என்று இருவரும் உட்கார்ந்து கணக்கிட்டு மாற்றிக்கொள்ளுங்கள். முதல் கடிதம் போவதற்கு முன்பு மாற்றலாம். போன பிறகு மாற்றக் கூடாது.

"தொடர்வது", "நிறுத்துவது" என்றால் என்ன என்பதையும் தாளில் எழுதுங்கள். நிறுத்துவது என்றால் அந்த வேலையில் சேருவது. எடிட்டிங்கை விடுமுறை நாளில் வைத்துக்கொள்வதை யாரும் தடுக்கப் போவதில்லை. தொடர்வது என்றால் நியமனத்தை மறுத்து, மிஞ்சியிருக்கும் வாரங்களில் அந்த நிறுவனத்துக்கு முறையாகத் தெரிவித்து, அடுத்த ஆறு மாதத்துக்குப் புதிதாக ஒரு தாள் எழுதுவது. ஆயுள் முழுவதற்கும் ஒப்புதல் கொடுத்ததாகப் பொருள் இல்லை.

ஒன்றை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். 12 வாரம் முடிந்தது, 40 பேருக்கு எழுதவேண்டிய இடத்தில் 14 பேருக்குத்தான் எழுதியிருக்கிறார். இதை என்னவென்று கொள்வது? பெரும்பாலான வீடுகளில் "சரியாகச் சோதிக்கவே இல்லையே" என்று மறுபடி தொடங்குவார்கள். நான் நிறுத்தச் சொல்வேன். ஆள் தேடுவது இந்தத் தொழிலில் சரிபாதி. அதைச் செய்ய மனம் வரவில்லை என்பதும் ஒரு முடிவுதான். உடல்நலக் குறைவு போன்ற காரணத்தால் நாள் வீணானால் அத்தனை நாளைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி போதும்.

உங்களுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. இடையில் "எவ்வளவு வந்தது?" என்று கேட்கக் கூடாது. மூன்றாம் வாரத்தில் ஒன்றும் வராததைப் பார்த்துப் பயந்தோ, ஐந்தாம் வாரத்தில் மூன்று ஆர்டர் வந்ததைப் பார்த்து மகிழ்ந்தோ முடிவெடுத்தால், விதி எழுதியதே வீண். வாரம் ஒரு முறை, எத்தனை பேருக்கு எழுதினார் என்ற எண்ணை மட்டும் அவரே சுவரில் குறிக்கட்டும். மற்றவை 12 வாரம் முடியும் நாளில்.

அந்த நாளை இப்போதே நாட்காட்டியில் வட்டமிடுங்கள். தாளில் இருவரும் கையெழுத்திட்டு, உங்கள் இருவருக்கும் மதிப்புள்ள மூன்றாவது ஒருவரிடம் ஒரு நகலைக் கொடுத்து வையுங்கள். அவர் அன்று வந்து, எண்களைத் தாளோடு ஒப்பிட்டுப் படித்துச் சொல்லட்டும். பையனுடைய அம்மாவை அந்த இடத்தில் உட்கார வைக்காதீர்கள். அவருக்கு அது தர்மசங்கடம்.