காலையில் மட்டும் தொண்டை வலி: ஸ்லீப் ஸ்டடி தேவையா?

"எனக்கு 47 வயது. ஆறு மாதமாகக் காலையில் எழும்போது தொண்டை காய்ந்துபோய் வலிக்கிறது. பத்து மணிக்குள் சரியாகிவிடுகிறது. இரண்டு முறை ஆன்டிபயாடிக் சாப்பிட்டும் பலனில்லை. பிரஷர் மாத்திரை எடுக்கிறேன். பலமாகக் குறட்டை விடுவதாகவும், நடுவில் மூச்சே நின்றுவிடுவதாகவும் மனைவி சொல்கிறார். ஒருவர் வீட்டுக்கே வந்து இலவசமாக ஸ்லீப் ஸ்டடி செய்வதாகச் சொல்கிறார். செய்துகொள்ளலாமா?"
— வாசகர், ஈரோடு

தூக்கத்தில் மூச்சு எத்தனை தடவை தடைபடுகிறது என்று இரவு முழுக்கப் பதிவு செய்து பார்க்கிற டெஸ்ட்தான் ஸ்லீப் ஸ்டடி. அது உங்களுக்குத் தேவைதான். அந்த இலவச ஆசாமியிடம் மட்டும் வேண்டாம்.

முதலில் ஆன்டிபயாடிக்கை மறந்துவிடுங்கள். கிருமியால் வரும் தொண்டை வலி நாள் முழுக்க இருக்கும், விழுங்கும்போது உயிர் போகும், பெரும்பாலும் காய்ச்சலும் வரும், சில நாளில் போய்விடும். தினமும் காலையில் வந்து பத்து மணிக்குள் போகிற வலி வேறு ரகம். தூக்கத்தில் வாய் திறந்துகொள்கிறது, இரவு முழுக்க வறண்ட காற்று தொண்டையில் உரசுகிறது. குறட்டையில் உள்நாக்குப் பகுதி மணிக்கணக்கில் அதிர்ந்து புண்படுகிறது. இதற்கு மாத்திரைச் சீட்டு எழுதுகிறவர்கள் "ராத்திரி குறட்டை விடுவீர்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். கேட்பதில்லை.

குறட்டை விடுகிற எல்லோருக்கும் ஸ்லீப் ஸ்டடி எழுத மாட்டேன். பகலில் அசதி இல்லை, மூச்சு நிற்கவில்லை, பிரஷர் இல்லை என்றால் மூக்கடைப்பைச் சரிசெய்து, ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, இரவு மதுவை நிறுத்தச் சொல்லிப் பார்ப்பேன். உங்கள் கதை அப்படியல்ல. பலத்த குறட்டை, பிரஷர், ஆண், இவற்றோடு பக்கத்தில் படுப்பவர் மூச்சு நிற்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறார். சட்டைக் காலர் 16 இன்ச்சுக்கு மேல் என்றால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இத்தனையும் ஒன்றாக இருந்தால் காத்திருக்க வேண்டியதில்லை. மனைவியிடம் சொல்லி விடிகாலை நான்கு மணிவாக்கில் பத்து நிமிடம் செல்போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். குறட்டைச் சத்தம் திடீரென்று நின்று, நெஞ்சும் வயிறும் மட்டும் போராடி, பத்து வினாடிக்கு மேல் கழித்துப் பெரிய திணறலோடு மூச்சு திரும்புகிறதா என்று பார்க்கலாம். டாக்டருக்கு அந்த வீடியோ அரை மணி நேரப் பேச்சுக்குச் சமம்.

இனி அந்த இலவசக்காரர். அவர் பெரும்பாலும் சிபாப் மெஷின் விற்பனைக்காகச் சுற்றுகிறவராக இருப்பார். தூங்கும்போது முகமூடி வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கிற கருவி அது. காலையில் கம்ப்யூட்டர் தானாகத் துப்பிய ரிப்போர்ட்டைக் காட்டி "சிவியர் சார், ஹார்ட்டுக்கு ஆபத்து" என்பார். மதியம் மெஷின் வந்துவிடும், டெஸ்டின் செலவும் அதன் விலைக்குள்ளேயே இருக்கும். பதிவை ஒரு டாக்டர் வரி வரியாகப் பார்த்துத் திருத்திக் கையெழுத்துப் போட்டாரா என்று கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள். இன்னொன்று, மூக்கு அடைத்திருக்கும்போது மூக்கு மாஸ்க்கை மாட்டிவிட்டால் காற்று வாய் வழியாக வெளியேறும். ஆயிரக்கணக்கில் செலவழித்த பிறகும் காலையில் அதே வறண்ட தொண்டைதான்.

சரி, வீட்டு டெஸ்டே மோசமா? இல்லை. உங்களைப் போல அறிகுறி தெளிவாக இருப்பவருக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த வீட்டு டெஸ்ட் போதும். ஆனால் அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. வீட்டுக் கருவிகள் பெரும்பாலும் மூளை அலையைப் பதிவு செய்வதில்லை, அதனால் நீங்கள் தூங்கினீர்களா, புரண்டு படுத்திருந்தீர்களா என்று அவற்றுக்குத் தெரியாது. இரவில் 60 தடவை மூச்சு தடைபட்டது என்று வையுங்கள். கருவி ஓடியது 8 மணி நேரம், நீங்கள் உண்மையில் தூங்கியது 4 மணி நேரம். கருவி அறுபதை எட்டால் வகுத்து மணிக்கு ஏழரை என்று சொல்லும். அது லேசான வகை. உண்மையான கணக்கு மணிக்கு 15, அது நடுத்தர வகை, கட்டாயம் சிகிச்சை பேச வேண்டியது. மணிக்கு ஐந்துக்குக் கீழே வந்து "நார்மல்" என்று எழுதியிருந்தாலும் இதே சந்தேகம் உண்டு. மனைவி பார்த்தது பொய்யாகிவிடாது. அப்போது ஆஸ்பத்திரியில் ஓர் இரவு தங்கி, தலையில் ஒயர் ஒட்டிச் செய்கிற முழு டெஸ்ட் வேண்டும். இதய பலவீனம், பக்கவாதம், நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு முதலிலேயே அதுதான். பரிசோதனைக்காக மட்டும் அட்மிட் ஆனால் பணம் தர முடியாது என்று இன்சூரன்ஸ்காரர்கள் பாலிசியில் எழுதி வைத்திருக்கிறார்கள். தூங்க வைக்காமல் தூக்கத்தை எப்படிப் பரிசோதிப்பது என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். அட்மிட் ஆகுமுன் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரமே ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரையோ நுரையீரல் டாக்டரையோ பாருங்கள். மூக்குத் தண்டு வளைவு, உள்நாக்கு, டான்சில் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். வலி ஒரே பக்கமாக மூன்று வாரத்துக்கு மேல் இருந்தாலோ, குரல் மாறியிருந்தாலோ அதை முதலில் சொல்லுங்கள், அது வேறு விசாரணை. பகலில் கண் சொக்குகிறது என்றால் டெஸ்ட் முடிந்து சிகிச்சை தொடங்கும்வரை வண்டி ஓட்ட வேண்டாம்.