உயரம் குறைவது காலிலா, முதுகிலா?

“அம்மாவுக்கு 68 வயது. முன்பு 158 செ.மீ., இப்போது 153. கால் எலும்பு தேய்ந்து குட்டையாகுமா?”

கால் எலும்பு நீளத்தில் குறையாதுங்க. நிற்கும் உயரத்தில் ஏறக்குறைய பாதி அதுதான். இடுப்பெலும்பும் மண்டையோடும் சேர்ப்பது கொஞ்சம்; அவையும் பெரிதாக மாறாது. குறைவது முதுகுத்தண்டில்தான். அதன் நீளத்தில் நாலில் ஒரு பங்கு, தண்டின் முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் இடைவட்டுகள். வயதாக ஆக நீர் வற்றித் தட்டையாகும். ஆனால் 5 செ.மீ.யை வயசுதானே என்று விடாதீர்கள். எலும்பு அடர்த்தி குறைந்து, முள்ளெலும்பு வலியே தெரியாமல் நசுங்கியிருக்கலாம்.

அம்மாவை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, பக்கவாட்டில் கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே விரல் வைத்துப் பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் இடமில்லை என்றால் சந்தேகம் வலுக்கும். இடம் இருந்தாலும் சரி, இவ்வளவு குறைந்ததற்கு முதுகு எக்ஸ்ரேயும் எலும்பு அடர்த்தி ஸ்கேனும் எடுத்துவிடுங்கள்.