பாசிட்டிவ் வந்தால் நோய் உண்டா? – கேள்வி பதில்

சேலம் வட்டாரக் கல்லூரி மாணவர்கள் அனுப்பிய கேள்விகள். இன்று நிபந்தனை நிகழ்தகவு மட்டும்தான். தேர்வு எப்போது, எந்த வினா வரும் என்று கேட்பவர்கள் துறைத்தலைவரைப் பாருங்கள்.

ஆத்தூர், பி.எஸ்சி. கணிதம்: சார், எச்.ஐ.வி. கருவி 98 சதவீதம் சரி என்றால், பாசிட்டிவ் வந்தவருக்கு நோய் இருக்க 98 சதவீதம் வாய்ப்புதானே?

இல்லை தம்பி. முதலில், எதன்மேல் 98? தொற்று இல்லாத நூறு பேரைச் சோதித்தால் 98 பேருக்கு நெகட்டிவ் என்று சரியாகக் காட்டும், இருவருக்குத் தப்பாகக் காட்டும். அந்த 98-க்கு இவ்வளவுதான் பொருள். நீங்கள் கேட்பதோ பாசிட்டிவ் வந்தவர்களைப் பற்றி. அது வேறு கூட்டம்.

ஆட்களாக எண்ணிப் பாருங்கள். இந்தியாவில் வயதுவந்தோரிடையே எச்.ஐ.வி. சுமார் 0.2 சதவீதம். எந்த அறிகுறியும் இல்லாத 10,000 பேரைச் சோதிக்கிறோம் என்று வைப்போம். தொற்றுள்ளவர்கள் 20 பேர். அவர்கள் எல்லாரையும் கருவி பிடித்துவிடுகிறது என்றே கொள்வோம். மீதி 9,980 பேரில் 2 சதவீதம், ஏறக்குறைய 200 பேருக்குப் பொய்யாகப் பாசிட்டிவ் வரும். ஆக 220 பாசிட்டிவ். அதில் உண்மை 20. பதினொருவரில் ஒருவர், 9 சதவீதம். கருவி மட்டமானது என்பதல்ல. தொற்றில்லாதவர்கள் அவ்வளவு பேர் இருப்பதால், சின்னப் பிழையே பெரிய எண்ணிக்கையாகிவிடுகிறது.

ஓமலூர்: பேயஸ் சூத்திரம் எழுதாவிட்டால் மார்க் போகுமா?

போகும். எழுதிவிடுங்கள்:

P(நோய்|+) = (0.002 × 1) / (0.002 × 1 + 0.998 × 0.02) ≈ 0.09

ஆட்களை எண்ணியதுதான் இதுவும். கீழே இருப்பது மொத்தப் பாசிட்டிவ்.

சேலம், பி.எஸ்சி. விலங்கியல்: சார், என் மாமா ரத்ததானம் செய்தார். நம்பிக்கை மையம் போய்ப் பரிசோதிக்கச் சொல்கிறார்கள். வீட்டில் எல்லாரும் அழுகிறார்கள். 9 சதவீதம்தான் என்று சொல்லட்டுமா?

சொல்லாதீர்கள் அம்மா. அந்த 9 நான் வைத்துக்கொண்ட எண்களில் வந்தது. மாமாவின் பரிசோதனை எது, அவர் நிலை என்ன என்று எனக்குத் தெரியாது. ரத்த வங்கியின் வேலை சந்தேகமுள்ள பையை ஒதுக்குவது. அதனால் ஒரு முறை பாசிட்டிவ் காட்டினாலே ஒதுக்கிவிடுவார்கள். அது நோய் உறுதியானதாகாது. நம்பிக்கை மையத்தில் இலவசம், ரகசியமாக வைப்பார்கள். நாளைக்கே கூட்டிக்கொண்டு போங்கள்.

தாரமங்கலம்: 99 சதவீதக் கருவி என்றால் 99 சதவீதம் நோய்தானே?

ஆத்தூர் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள். எதன்மேல்?

ராசிபுரம், பி.எஸ்சி. இயற்பியல்: அதே கருவியில் மூன்று முறை பார்த்தால் போதுமே. 0.02-ஐ மூன்று முறை பெருக்கினால் பிழை காணாமல் போய்விடும்.

பாதி சரி. ஒவ்வொரு முறையும் பிழை தனித்தனியாக நடந்தால்தான் பெருக்கலாம். ஒருவர் ரத்தத்தில் இருக்கும் வேறு ஏதோ எதிர்ப்பொருள் அந்தக் கருவியை ஏமாற்றுகிறது என்றால் நாளைக்கும் ஏமாற்றும். 200 பேரில் பலர் மறுபடியும் அதே 200-க்குள் வருவார்கள். அதனால்தான் உறுதி செய்வதற்கு, தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான நாக்கோவின் வழிமுறையில் வேறு வேறு ஆன்டிஜென் அல்லது வேறு தத்துவம் கொண்ட கருவிகள். பிழைகள் தனித்தனி என்று கொண்டால், இரண்டாவதில் 200 பேர் 4 பேராகக் குறைகிறார்கள். 24 பாசிட்டிவில் 20 உண்மை, 83 சதவீதம். மூன்றாவதில் பொய் அநேகமாக மிஞ்சாது.

ஏற்காடு, ஆய்வகப் பணியாளர்: சார், அதே கருவியில் மறுபடி பார்ப்பது வீண் இல்லை. மலைக் கிராமத்து முகாமில் கூட்டம் அலைமோதும். கொடுத்த நேரம் தாண்டிப் பட்டையைப் பார்த்தால் மங்கலாக ஒரு கோடு தெரியும். குழாய் மாறிப்போவதும் உண்டு. புது ரத்தம் எடுத்துப் பார்த்தால் அது தெரிந்துவிடும்.

ஒப்புக்கொள்கிறேன். கையால் வந்த பிழையை அது பிடிக்கும். ரத்தத்தால் வந்த பிழையைப் பிடிக்காது.

ராசிபுரம்: அப்படியானால் வேறு கருவியும் அதே ஆளிடம் ஏமாறலாமே? பெருக்கினது அங்கேயும் தப்புதானே?

நல்ல கேள்வி. ஏமாறலாம். 83 என்பது உச்சவரம்பு மாதிரி என்று வையுங்கள். உண்மை அதற்குக் கீழே.

ஏற்காடு: எவ்வளவு கீழே என்று கணக்குப் போட முடியுமா சார்?

இரண்டு கருவியையும் ஒரே ஆட்களிடம் வைத்துச் சோதித்த தரவு வேண்டும். தனித்தனி அட்டையில் அச்சிட்ட சதவீதங்களை வைத்துப் போட முடியாது. உங்கள் பதிவேட்டில் முதல் கருவி பாசிட்டிவ், இரண்டாவது நெகட்டிவ் வந்தவர்களை எண்ணினால் கொஞ்சம் தெரியும்.

ஏற்காடு: அந்தப் பதிவேடு வெளியே தர முடியாது.

தர வேண்டாம். நீங்களே எண்ணிப் பாருங்கள்.

மேட்டூர்: அறிகுறியோடு வந்தவருக்கு இரண்டு கருவி போதும் என்று படித்தேன். ஏன் அவருக்கு மட்டும் சலுகை?

சலுகை இல்லை, தொடக்க எண் வேறு. அறிகுறியோடு வருபவர்களில் நூற்றுக்கு 30 பேருக்குத் தொற்று என்று கொள்ளுங்கள். 10,000 பேரில் 3,000 உண்மை, மீதி 7,000-இல் 140 பொய். முதல் கருவியிலேயே 95 சதவீதம் தாண்டிவிட்டது. கருவி அதேதான், வரிசையில் நிற்பவர்கள் வேறு.

எடப்பாடி: நெகட்டிவ் வந்தால் நிம்மதிதானே?

தொற்றிய உடனே சோதித்தால் காட்டாது. சமீபத்தில் ஆபத்து இருந்தால் சில வாரம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்வார்கள். எப்போது என்று நம்பிக்கை மையத்தில் கேளுங்கள்.

தாரமங்கலம்: சார், அப்போ 99.5 சதவீதக் கருவி என்றால்?

எதன்மேல், தம்பி?