சம்பா நெல் காப்பீட்டில் ‘Rejected’ என்று வந்தால் பணம் கிடைக்காதா?

கேள்வி: நான் சிங்கப்பூரில் வேலை செய்கிறேன். ஊரில் அண்ணன் சம்பா நெல்லுக்குப் பயிர்க் காப்பீடு கட்டியிருந்தார். வயலில் தண்ணீர் நின்று பயிர் அழுகியதும் புகார் கொடுத்தார். இப்போது ‘Rejected’ என்று காட்டுகிறது. கட்டிய பணமும் போய், இழப்பீடும் போய்விட்டதா?

பதில்:

அவசரப்பட்டு முடிவுக்கு வராதீர்கள். எது நிராகரிக்கப்பட்டது என்பதை முதலில் பார்க்க வேண்டும். பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் பதிவு வேறு, சேதப் புகார் வேறு, பணப் பட்டுவாடா வேறு. மூன்றில் எது தடைப்பட்டாலும் வீட்டில் ‘ரிஜெக்ட் ஆயிடுச்சு’ என்றுதான் சொல்வார்கள்.

எங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது. மன்னார்குடிப் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் நிலம். நான் இங்கே துவாஸில் கப்பல் பட்டறையில் இருக்கிறேன், பயிர் செய்வது அண்ணன். ஒரு கார்த்திகை மழையில் நான்கு நாள் தண்ணீர் வடியவே இல்லை. அண்ணன் 72 மணி நேரத்துக்குள் 14447-க்குப் போன் போட்டுப் புகாரைப் பதிந்துவிட்டார். சில வாரம் கழித்து நிராகரிப்பு வந்தது. நைட் ஷிப்ட் முடிந்து டார்மிட்டரிக்கு வந்தவுடன் வாட்ஸ்அப்பில் அந்தப் படத்தைத்தான் பார்த்தேன். அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

பிறகு pmfby.gov.in தளத்தில் ‘Application Status’ பகுதிக்குப் போய், காப்பீடு கட்டியபோது கொடுத்த ரசீது எண்ணைப் போட்டுப் பார்த்தேன். அங்கே ‘Approved’ என்று இருந்தது. அதாவது காப்பீடு உயிரோடுதான் இருந்தது. தள்ளப்பட்டது சேதப் புகார் மட்டும். ரசீது எண் வேறு, புகாருக்குத் தரும் எண் வேறு. நீங்களும் இரண்டையும் அண்ணனிடம் கேட்டு வாங்கித் தனித்தனியாகப் பாருங்கள்.

புகார் ஏன் தள்ளப்பட்டது? தனி வயலுக்கென்று ஆள் வந்து பார்த்து இழப்பீடு தருவது ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, மேகவெடிப்பு, மின்னலால் பிடித்த தீ போன்ற சில காரணங்களுக்கு மட்டும்தான். தண்ணீர் தேங்குவதும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் நெல்லுக்கு மட்டும் அதை 2018-இல் எடுத்துவிட்டார்கள். தண்ணீரிலேயே நிற்கும் பயிரில் எது சேதம் என்று மதிப்பிடுவது கடினம் என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. டெல்டாக்காரர்களுக்கு இது பெரிய அடி. 2026 காரிப் பருவத்திலிருந்து நெல்லை மறுபடி சேர்ப்பதாக 2025 நவம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம் அறிவித்தது. ஆகவே உங்கள் அண்ணனின் புகார் எந்தப் பருவத்துக்கானது என்பது முக்கியம். பழைய பருவம் என்றால், அவர் எந்தத் தவறும் செய்யாமலே புகார் தள்ளப்பட்டிருக்கும். புதிய விதி பொருந்தும் பருவம் என்றால், 72 மணி நேரம் தாண்டியதா, காப்பீடு செய்த சர்வே எண்ணைத்தான் புகாரில் சொன்னாரா என்று பாருங்கள்.

புகார் தள்ளப்பட்டாலும் மகசூல் இழப்பீட்டுக்கான உரிமை அப்படியே இருக்கும். அதற்குப் புகாரே தேவையில்லை. அறுவடை நேரத்தில் ஊரில் சில வயல்களைத் தேர்ந்தெடுத்து, ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் அளந்து அறுத்து எடை போடுவார்கள். பயிர் அறுவடைப் பரிசோதனை என்பது இதைத்தான். அதில் வரும் சராசரி, அந்த ஊருக்கு வைத்திருக்கும் உத்தரவாத மகசூலைவிடக் குறைந்தால், எத்தனை சதவீதம் குறைந்ததோ அத்தனை சதவீதம் ஊரில் காப்பீடு செய்த எல்லோருக்கும் கிடைக்கும். கணக்கு சுலபமாக இருக்க முழு எண்ணாகச் சொல்கிறேன். உத்தரவாதம் ஏக்கருக்கு 2000 கிலோ, பரிசோதனையில் வந்தது 1500 கிலோ என்றால் குறைவு 25 சதவீதம். காப்பீட்டுத் தொகை ஏக்கருக்கு 36,000 ரூபாய் என்றால் ஏக்கருக்கு 9,000 ரூபாய். விவசாயி கட்டும் பிரீமியம் சம்பா சேரும் ராபி பருவத்தில் ஒன்றரை சதவீதம், அதாவது 540 ரூபாய்.

இதில் ஒரு வலியும் இருக்கிறது. உங்கள் வயல் மட்டும் மூழ்கி, ஊர்ச் சராசரி உத்தரவாதத்துக்கு மேலே போய்விட்டால் ஒன்றும் வராது. அதை நிராகரிப்பு என்று சொல்ல முடியாது, திட்டத்தின் அமைப்பே அப்படி. எனவே பக்கத்து வயல்காரர்களை விசாரியுங்கள். ஊரில் காப்பீடு கட்டிய ஒருவருக்குமே வரவில்லை என்றால், ஒன்று கணக்கு இன்னும் முடியவில்லை, இல்லை மகசூல் குறையவில்லை. அவர்களுக்கு வந்து உங்களுக்கு மட்டும் வரவில்லை என்றால் கோளாறு உங்கள் பதிவிலோ வங்கிக் கணக்கிலோ இருக்கிறது.

எங்களுக்குக் கோளாறு வங்கிக் கணக்கில் இருந்தது. ஊரில் எல்லோருக்கும் பணம் ஏறியது, அண்ணனுக்கு மட்டும் ஏறவில்லை. காரணத்தைத் தேடினால் அது என்னிடம் வந்து நின்றது. முன்பு லிட்டில் இந்தியாவில் போய் அண்ணன் கணக்குக்குத்தான் பணம் போடுவேன். அப்புறம் அண்ணி கணக்குக்கு மாற்றிக்கொண்டேன். அதன் பிறகு அண்ணன் கணக்கில் வரவு செலவே இல்லை. இரண்டு வருடத்துக்கு மேல் வாடிக்கையாளர் எந்தப் பரிவர்த்தனையும் செய்யாவிட்டால் வங்கி அந்தக் கணக்கைச் செயல்படாத கணக்காக மாற்றிவிடும். காப்பீட்டில் கொடுத்திருந்ததும் அதே கணக்குதான். அண்ணன் வங்கிக்குப் போய் ஆதாரைக் கொடுத்து அதை மறுபடி இயக்கி, வேளாண் அலுவலகத்திலும் எழுதிக் கொடுத்த பிறகுதான் பணம் வந்தது. வெளிநாட்டில் ஆள் இருக்கும் வீடுகளில் இது எளிதில் நடக்கக்கூடியது, தயவுசெய்து இன்றே பாருங்கள்.

ஒருவேளை ‘Application Status’ பக்கத்திலேயே ‘Rejected’ என்று இருந்தால் நிலைமை வேறு. அப்போது காப்பீடே இல்லை, கட்டிய பிரீமியம் திரும்ப வர வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் பெயரில் பட்டா, சாகுபடி செய்வது அண்ணன் என்ற வீடுகளில், அடங்கலில் யார் பெயர் இருக்கிறது என்பதைப் பாருங்கள். குத்தகைக்காரரும் திட்டத்தில் சேரலாம், ஆனால் சாகுபடி செய்பவர் அவர்தான் என்று ஆவணம் சொல்ல வேண்டும். சர்வே எண்ணின் உட்பிரிவைத் தவறாகத் தட்டச்சு செய்வது, ஒரே நிலத்துக்கு இரண்டு பேர் கட்டுவது, ஆதாரிலும் பாஸ்புக்கிலும் பெயர் வேறுபடுவது ஆகியவையும் பதிவைத் தள்ளிவிடும். ‘Reverted’ என்று இருந்தால் மட்டும் பதறாமல், ஆனால் தாமதிக்காமல், கட்டிய இடத்துக்கே போகச் சொல்லுங்கள். திருத்தி அனுப்பு என்று பதிவைத் திருப்பியிருக்கிறார்கள் என்று அதற்கு அர்த்தம்.

பதிவும் சரி, கணக்கும் சரி, பக்கத்து வயலுக்குப் பணம் வந்திருக்கிறது, உங்களுக்கு மட்டும் இல்லை என்றால், ரசீது, அடங்கல், பாஸ்புக் நகலோடு ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் அண்ணனை மனு கொடுக்கச் சொல்லுங்கள். மனுவில் ‘இழப்பீடு வரவில்லை’ என்று மட்டும் எழுதாமல், ரசீது எண்ணையும், இணையத்தில் காட்டிய நிலையையும், அதே ஊரில் அதே பயிருக்குப் பணம் வந்திருப்பதையும் குறிப்பிடச் சொல்லுங்கள்.