பாட்டி வீட்டு லட்சுமி படம்: கன்னத்தைப் பார்த்தால் தெரியும்

கேள்வி: எங்கள் பூஜை அறையில் பாட்டி காலத்து லட்சுமி படம் ஒன்று இருக்கிறது. கல்லில் அச்சடித்த பழைய படம் என்கிறார் மாமா, வெறும் காலண்டர் படம் என்கிறார் அப்பா. எப்படிக் கண்டுபிடிப்பது? இந்த மாதிரிப் படங்கள் நம்மைப் போன்ற வீடுகளுக்கு எப்படித்தான் வந்தன?

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்களுக்குப் படத்துக்குக் கண்ணாடி போடும் கடை. அப்பா காலத்திலிருந்து இதே தொழில்தான். பழைய சாமி படங்களைச் சட்டத்திலிருந்து கழற்றி முன்னும் பின்னும் பார்க்கும் வாய்ப்பு எனக்கு நிறைய கிடைத்திருக்கிறது.

நகைக்கடையில் கல் பார்க்கிறார்களே, அந்த மாதிரி பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கி, லட்சுமியின் கன்னத்தைப் பாருங்கள். முகம்தான் சரியான இடம். புள்ளிகள் கோலப்புள்ளி மாதிரி நேர் வரிசையில், ஒரே இடைவெளியில் இருந்தால் அது காலண்டர் அடிக்கிற ஆஃப்செட் மெஷின் அச்சு. மஞ்சள், மெஜந்தா, நீலம், கறுப்பு என்று நான்கு நிறம்தான் தெரியும். அப்படி இல்லாமல், தட்டில் ரவையைத் தூவினது போலச் சின்னதும் பெரியதுமாக, கன்னத்தின் வளைவோடு நெருங்கியும் விலகியும் புள்ளிகள் இருந்தால் அது கல் அச்சு. அந்தப் புள்ளி ஒவ்வொன்றையும் ஒரு மனிதர் உட்கார்ந்து கையால் வைத்திருக்கிறார்.

ஏன் கையால் என்பதற்கு அந்த முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1790களின் கடைசியில் ஜெர்மனியில் அலோய்ஸ் செனஃபெல்டர் கண்டுபிடித்தது இது. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பதுதான் மொத்த சூட்சுமமும். வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக்கல்லில் எண்ணெய்ப் பசை உள்ள மையால் படத்தை இடவலம் மாற்றி வரைவார்கள். அதன்மேல் துளி அமிலம் கலந்த கருவேலம்பிசின் கரைசலைப் பூசுவார்கள். பிறகு கல்லை ஈரப்படுத்தி மை உருளையை ஓட்டினால், வரைந்த இடம் மையைப் பிடித்துக்கொள்ளும், ஈரமான இடம் தள்ளிவிடும். தாளை வைத்து அழுத்தினால் படம் வந்துவிடும். செதுக்குகிற வேலையே கிடையாது.

ஆனால் ஒரு கல்லுக்கு ஒரு நிறம்தான். லட்சுமியின் முகத்துக்கு மட்டுமே மஞ்சள், வெளிர் ரோஜா, பழுப்பு, சிவப்பு என்று தனித்தனிக் கல் தேவைப்படும். ஒரு நல்ல படத்துக்குப் பத்துக் கல்லுக்கு மேலும் போகும். அசல் ஓவியத்தைக் கண்ணாலேயே பார்த்து, இதில் மஞ்சள் எவ்வளவு, சிவப்பு எவ்வளவு என்று பிரித்து, கல் கல்லாகப் புள்ளி வைக்க வேண்டும். அச்சடிக்கும்போது பெரும்பாலும் வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் பின்னால். ஒவ்வொரு நிறத்துக்கும் தாள் மறுபடி கல்லுக்கு வரும். நடுவில் காற்றின் ஈரத்தில் தாள் கொஞ்சம் விரிந்தாலும் அடுத்த நிறம் நகர்ந்துவிடும். உதட்டுச் சிவப்பு உதட்டுக்கு வெளியே நிற்கிற படங்களைப் பார்த்திருப்பீர்கள். அது இப்படி நேர்ந்ததுதான். நான்கு நிறத்துக்கு மேல் தனித்தனியாகத் தெரிந்து, ஓரத்தில் இப்படி விலகலும் இருந்தால் மாமா சொல்வதற்கு வாய்ப்பு அதிகம்.

இரண்டு இடத்தில் ஏமாறலாம். ஒன்று, கல் அச்சுப் படத்தை இப்போது ஸ்கேன் செய்து ஆஃப்செட்டில் போடுகிறார்கள். லென்ஸில் பார்த்தால் கைப்புள்ளி மாதிரியே இருக்கும், ஆனால் அந்தப் புள்ளிக்குள்ளேயே நான்கு நிறப் பொடிப்புள்ளி வரிசை ஓடும். இன்னொன்று, வரிசைப் புள்ளி இருப்பதாலேயே படம் புதியது என்று தள்ளிவிட முடியாது. கையால் புள்ளி வைப்பது போய்க் கேமரா வந்த காலத்தில் அடித்தவையும் இன்றைக்குப் பழைய படங்கள்தான். சந்தேகம் இருந்தால் பின்பக்கத் தாள் பழுப்பேறியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

வீடுகளுக்கு வந்த கதைக்கு வருகிறேன். ஓவியர் ரவி வர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். பிறகு அது லோனாவ்லா பக்கம் மளவ்லிக்குப் போனது. சில வருடங்களில் அவரிடம் வேலை பார்த்த ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியரே அதை வாங்கிக்கொண்டார். அதற்கு முன்பே கல்கத்தாவிலும் பூனாவிலும் சாமி படம் அச்சடித்தார்கள். நம் வீடுகளில் அதிகம் நிலைத்தது தாமரைமேல் நிற்கும் ரவி வர்மாவின் லட்சுமிதான். புடவை கட்டி, நம் வீட்டுப் பெண் மாதிரி நேராக நம்மைப் பார்த்து நிற்கிறாள்.

அதற்கு முன்னால் சாதாரண வீட்டில் சாமி என்றால் விளக்கு, கலசம், மஞ்சளில் பிடித்த பிள்ளையார். தங்க இலை ஒட்டிய தஞ்சாவூர்ப் படமெல்லாம் வசதி உள்ளவர் வீட்டில். கோயிலுக்குப் போய்ப் பார்க்கலாமே என்றால், எல்லோரையும் உள்ளே விட்டார்களா? மதராஸ் மாகாணம் முழுக்க எல்லோரும் கோயிலுக்குள் போகலாம் என்று சட்டம் வந்ததே 1947-இல்தான்.

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு பாட்டி எங்கள் கடைக்கு ஒரு லட்சுமி படம் கொண்டுவந்தார். ஹார்பரில் மூட்டை தூக்கிய அவருடைய அப்பா பாரிஸ் கார்னர் பக்கம் வாங்கியது. ஊரில் கோயில் வாசலோடு நின்றவர், இங்கே வந்து முதலில் வாங்கியது இந்தப் படமாம். புடவைக் கரையில் சமிக்கி ஒட்டியிருந்தது, பாதி உதிர்ந்து போயிருந்தது. மஞ்சளும் குங்குமமும் கண்ணாடிமேல் இல்லை, படத்தின்மேலேயே வைத்திருந்தார்கள். அதாவது, பல வருடம் கண்ணாடியே இல்லாமல் அவள் அந்த வீட்டில் இருந்திருக்கிறாள். அந்தக் குங்குமத்தைத் துடைக்கச் சொன்னால் நான் துடைக்க மாட்டேன் என்று பாட்டியிடம் சொன்னேன். அவரும் அதைத்தான் சொல்ல வந்ததாகச் சொன்னார்.

காலண்டர் படம் வேறு வழியாக வந்தது. அதை யாரும் காசு கொடுத்து வாங்கவில்லை. கோவில்பட்டியில் ஓவியர் கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்தவை சிவகாசியில் அச்சாகி, கீழே கடைப் பெயருக்கு இடம் விட்டு வரும். சென்னை ஆண்டர்சன் தெருவில் பெயர் அடித்து வாங்கி, வியாபாரிகள் வாடிக்கையாளருக்குக் கொடுப்பார்கள். தேதி கிழிந்து முடிந்ததும் சாமியை எப்படிக் குப்பையில் போடுவது? கடைப் பெயரை வெட்டிவிட்டு எங்களிடம் கண்ணாடி போட வருவார்கள். இன்றும் ஜனவரியில் எங்கள் கடையில் அந்தக் கூட்டம் உண்டு. அதனால் அப்பா சொல்வது சரியாக இருந்தாலும் அந்தப் படத்தை வெறும் காலண்டர் என்று சொல்லிவிடாதீர்கள். யாரோ அதை வைத்துக்கொள்ள முடிவு செய்திருக்கிறார்கள்.

ஒரு விஷயம் எனக்கு இன்னும் வருத்தம். பழைய படங்களின் கீழ் ஓரத்தில் அச்சகப் பெயர் இருக்கும், "ரவி வர்மா பிரஸ், கார்லா-லோனாவ்லா" என்பது போல. ஜெர்மனியில் அச்சடித்து வந்த படங்களில் அந்த நாட்டின் பெயர் இருக்கும். சட்டத்துக்கு அளவு சரிவரவில்லை என்று நாங்களே எத்தனையோ படங்களில் அந்த ஓரத்தை வெட்டியிருக்கிறோம். உங்கள் படத்தைக் கழற்றும்போது ஓரம் பின்னால் மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். தாள் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள், மை கண்ணாடியோடு போய்விடும். அப்படியே மூடிவிட்டு, பழைய தாள் வேலை தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். புதுக் கண்ணாடி போட்டால் படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் அட்டைப் பட்டி வைக்கச் சொல்லுங்கள். ஓரத்தை வெட்ட வேண்டாம் என்று கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.