காலையில் வருகிறது, இரவில் நிற்பதில்லை

"வயது 27. கல்யாணமாகி 3 மாதம். காலையில் விறைப்பு இருக்கிறது, மனைவியை நெருங்கினால் போய்விடுகிறது. டாக்டரிடம் எப்படிச் சொல்வது?"

தம்பி, காலையில் விறைப்பு வருகிறதென்றால் ரத்தக் குழாயும் நரம்பும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன. பதற்றத்தில் சுரக்கும் அட்ரினலின் ஆணுறுப்பின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும், உள்ளே ரத்தம் நிறையாது. ஒருமுறை அப்படி ஆனால், 'இன்றைக்கும் ஆகிவிடுமோ' என்ற பயமே அடுத்த முறை அட்ரினலினைக் கிளப்பிவிடும்.

யூராலஜி டாக்டரிடம் போங்கள். இங்கே எழுதிய இரண்டு வரியை அப்படியே சொன்னால் போதும். அவருக்கு இது தினமும் கேட்கிற விஷயம். சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்ப்பார், தேவைப்பட்டால் காலையில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனின் அளவும் பார்ப்பார். எல்லாம் சரி என்றால் மனநல ஆலோசனைக்கு அனுப்பலாம், மனைவியையும் கூட்டிப் போங்கள். லாட்ஜில் ரூம் போட்டு லேகியம் விற்பவர்களிடம் மட்டும் போகாதீர்கள்.