ஒன்றரைப் பக்கம் எழுதியும் ஏன் புள்ளி வரேல்ல?

"சேர், மகள் இந்த வருஷம் ஓ.எல். எடுக்கிறா. 100 சொல்லில முறையான கடிதம் எண்டா ஒன்றரைப் பக்கம் எழுதுறா, புள்ளி பாதிதான் வருது. எங்க பிழை விடுறா?" – ஒரு அம்மா, தருமபுரம்

அம்மா, பிழை அநேகமா முதல் பந்தியிலதான் இருக்கும். வீதி விளக்கு எரியேல்ல எண்டு பிரதேச சபைச் செயலாளருக்கு எழுதச் சொன்னா பிள்ளையள் இப்பிடித்தான் தொடங்குவினம்:

"தங்கள் சமூகத்திற்கு மிகவும் பணிவன்புடன் அறியத்தருவது யாதெனில், நாங்கள் மிகவும் அழகான இயற்கை வளம் நிறைந்த கிராமமாகிய தருமபுரத்தில் வசித்து வருகின்றோம். எமது கிராமத்தில் பல பிரச்சினைகள் உள்ளன. அவற்றுள் வீதி விளக்குப் பிரச்சினையும் ஒன்றாகும்."

எண்ணிப் பாருங்கோ, 26 சொல். கால்வாசி முடிஞ்சுது, எந்த லைட், எவ்வளவு நாளா எண்டு செயலாளருக்கு இன்னும் தெரியாது, ஊர் வடிவு அவருக்கு எதுக்கு? இதையே இப்பிடி எழுதலாம்:

"எமது கிராமத்தின் பிரதான வீதியில் பாடசாலைச் சந்தி முதல் குளக்கட்டு வரை உள்ள ஆறு விளக்குகள் கடந்த இரண்டு மாதங்களாக எரியவில்லை."

16 சொல்தான், இடம், எண்ணிக்கை, காலம் மூண்டும் வந்திட்டுது. அடுத்தது பாதிப்பு, அதில ஒண்டைச் சொன்னாப் போதும்: "யானை நிற்பது இருளில் தெரியாததால் மாலை வகுப்பு முடிந்து வரும் மாணவர்கள் அச்சத்துடன் செல்கின்றனர்." கடைசியா கோரிக்கை: "இவ்விளக்குகளை விரைவில் திருத்தித் தருமாறு கேட்டுக்கொள்கின்றேன்." இதில கெஞ்சவும் வேண்டாம், "செய்யாவிட்டால் வீதியில் இறங்குவோம்" எண்டு வெருட்டவும் வேண்டாம், சில பிள்ளையள் ரெண்டையும் ஒரே கடிதத்திலயே செய்வினம்.

அமைப்புக்கு வந்தா, வலப்பக்கம் மேல அனுப்புறவரிட விலாசம், அதுக்குக் கீழ திகதி, பிறகு இடப்பக்கம் பெறுநரிட பதவியும் விலாசமும், "ஐயா," எண்டு போட்டு தலைப்பை எழுதி அடிக்கோடு. தலைப்பில "வீதி விளக்கு" எண்டு மட்டும் விட்டா முறைப்பாடோ நன்றியோ எண்டு தெரியாது, "வீதி விளக்குகளைத் திருத்தித் தரக் கோரல்" எண்டா அலுவல் என்னெண்டு விளங்கும். முடிவில "நன்றி", "இங்ஙனம்", அதுக்குக் கீழ பேர். பேரும் விலாசமும் வினாத்தாளில தந்திருந்தா அதையே எழுத வேணும், மகளிட சொந்தப் பேரோ பள்ளிக்கூடப் பேரோ விடைத்தாளில வரக்கூடாது. திகதியை மறக்கிறதும், உள்ள "எமது" எண்டு எழுதிப்போட்டு இடையில "எங்கட" எண்டு பேச்சுத்தமிழுக்கு வழுக்கிறதும் நான் திருப்பித் திருப்பிக் காணுற பிழையள்.

மின்னஞ்சல் எண்டு கேட்டா மேல விலாசம், திகதி ரெண்டும் தேவையில்ல, பெறுநரிட மின்னஞ்சல் முகவரியும் அதுக்குக் கீழ "பொருள்" எண்டு அந்தத் தலைப்பும் வரும். எழுதுறவரிட விலாசமும் தொலைபேசி இலக்கமும் கடைசியா பேருக்குக் கீழ இறங்கும். உள்ள இருக்கிற அந்த மூண்டு வசனத்திலயும் ஒரு சொல்லும் மாத்தத் தேவையில்ல.